ஆங்கிலத்தில் கடைசி ‘ட்’, ‘ஸ்’ வாயிலும் வரவில்லை, காதிலும் விழவில்லை: என்ன செய்வது?

மதியச்சோறு:
வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்க போனில் பேசுற வேலை. என் அழைப்புப் பதிவைக் கேட்டுட்டு மேலாளர் எழுதின குறிப்பு: “இறந்தகாலம் கேட்கவே இல்லை, பன்மை பாதி இடத்தில் இல்லை.” இலக்கணம் தெரியாம இல்லைங்க. எழுதும்போது ஒண்ணுகூட விடமாட்டேன்.

ஒரு உதாரணம். நான் சொல்ல நினைச்சது: “வி செக்ட் யுவர் அக்கவுண்ட்ஸ் அண்ட் சேஞ்ஜ்ட் தி அட்ரஸஸ்.” பதிவுல கேக்குறது: “வி செக் யுவர் அக்கவுண்ட் அண்ட் சேஞ்ச் தி அட்ரஸ்.” கவனமா சொன்னா ‘செக்டு’, ‘சேஞ்சுடு’ன்னு வேற மாதிரி கெட்டுப்போகுது. அவங்க பேசும்போதும் ‘வாக்’கா ‘வாக்ட்’டான்னு எனக்குப் பிடிபடலை. வாய்க்கும் காதுக்கும் ஒரே கோளாறா, வேற வேறயா?

கணக்குவாத்தியார்:
இதுக்கு ரொம்ப எளிமையான விதி இருக்கு தம்பி. வினைச்சொல்லோட கடைசி எழுத்தைப் பாருங்க. பி, கே, எஸ், எச் இதுல முடிஞ்சா ‘பட்டு’ல வர்ற மாதிரி அழுத்தமான ட். டி-யில முடிஞ்சா தனியா ‘இட்’. மத்ததெல்லாம் ‘வண்டி’ல வர்ற மாதிரி மெதுவான ட். பன்மைக்கும் இதே மாதிரி கணக்குதான், தனி அசை மட்டும் ‘அட்ரஸ்’ மாதிரி ஸ் வகை ஒலியில முடிஞ்சா வரும். இதை மனப்பாடம் பண்ணிட்டு கடைசி எழுத்தை நல்லா அழுத்திச் சொல்லுங்க. முடிஞ்சது.

ஒலிப்பெட்டி:
வாத்தியார் சார் சொன்ன மூன்று பிரிவும் சரி. ஆனால் கண்ணால் எழுத்தைப் பார்த்துப் பிரித்தால் தடுக்கி விழுவோம். ‘லாஃப்’ என்ற சொல் எழுத்தில் எச்-சில் முடிகிறது, காதில் ஃப்-பில் முடிகிறது. அதனால்தான் அழுத்தமான ட். ‘டான்ஸ்’ எழுத்தில் ஈ-யில் முடிகிறது, காதில் ஸ். அதற்கும் அழுத்தமான ட்தான். ‘ரெய்ஸ்’, உயர்த்து என்ற பொருளில் வருவது, அதுவும் எழுத்தில் அப்படியே முடிகிறது. ஆனால் அதன் கடைசி ஒலி தொண்டை அதிர இரையும் ஸ். அதனால் மெதுவான ட். ஆகவே ஈ.டி. சேர்ப்பதற்கு முன் தொண்டையில் இரண்டு விரலை வைத்து வினையின் கடைசி ஒலியை மட்டும் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். அதிர்ந்தால் மெதுவான ட், அதிராவிட்டால் அழுத்தமான ட். ட் ஒலியிலேயே முடிந்தால், எந்த வகை ட் ஆனாலும், தனியாக ஓர் அசை கூடும்.

இன்னொன்று: ‘கடைசி எழுத்தை அழுத்திச் சொல்’ என்ற அறிவுரைதான் ‘செக்டு’வைக் கொண்டுவருகிறது. மதியச்சோறு, உங்களுக்கு முதல் சிக்கல் எந்த ட் என்பதில் இல்லை. வல்லின மெய்யில் சொல்லை நிறுத்துவதே நம் வாய்க்குப் பழக்கமில்லை. தமிழில் சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்கள் பதினொன்றுதான், அதில் ஒரு வல்லினமும் கிடையாது. வல்லினம் வந்தால் கூடவே ஓர் உகரம் வந்து உட்காரும்: பட்டு, நாக்கு, காசு. ஆங்கிலச் சொல்லைப் பிடித்தாலும் வாய் இதே இரண்டு வழியில்தான் போகும். ஒன்று உகரம் சேர்க்கும், இல்லை மெய்யை விழுங்கும். ‘செக்டு’வும் ‘செக்’கும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்றில் விழுவதும் அதனால்தான்.

வயலூரான்:
எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்? வாக்கியத்துல ‘யெஸ்டர்டே’ன்னு ஒரு வார்த்தை போட்டா இறந்தகாலம்னு புரிஞ்சிடப் போகுது. ‘டூ அக்கவுண்ட்’னு சொன்னா ரெண்டுன்னு தெரியாதா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான், யாரும் ஒண்ணும் கேக்கல.

கீதா_டீச்சர்:
வயலூரான், அவர் கேட்டது காலம் எப்படிக் காட்டுறதுன்னு இல்லை. வாயில வரலைன்னு கேட்டார். அதோட போன் வேலையில இது நிஜமாவே பொருளை மாத்தும். “வி சேஞ்ச் தி அட்ரஸ்”னா ‘நாங்க மாத்துவோம், அது எங்க வழக்கம்’. “சேஞ்ஜ்ட்”னா ‘மாத்தியாச்சு’. வாடிக்கையாளருக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான்.

மதியச்சோறு, ஒரு எச்சரிக்கை. ஈ.டி. கேக்கணும்கிற ஆசையில நிறைய பேர் ‘செக்கெட்’, ‘வாக்கெட்’னு தனி அசையா சொல்லப் பழகிடறாங்க. கேக்கத்தான் செய்யும், ஆனா கேக்கறவங்களுக்கு வேற ஒரு சொல் மாதிரி விழும். தனி அசை வர்றது ‘வான்ட்டெட்’, ‘நீடெட்’ மாதிரி ட்-ல முடியற வினைக்கு மட்டும். விதிவிலக்கா சில பெயரடை உண்டு: ‘நேக்கெட்’, ‘விக்கெட்’ (கெட்டவன்ங்கற பொருள்ல), ‘ரக்கெட்’. அதை அப்பப்ப பாத்துக்கலாம்.

மதியச்சோறு:
விளங்குச்சு. சரி, உகரமும் வரக்கூடாது, விழுங்கவும் கூடாதுன்னா வாய் என்னதான் செய்யணும்? ‘க்ட்’னு நிறுத்தினா நாக்கு மாட்டிக்குது.

ஒலிப்பெட்டி:
நிறுத்தாதீர்கள். அடுத்த சொல்லுக்குத் தள்ளிவிடுங்கள்.

இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. பட்டு + ஆடை என்றால் ‘பட்டாடை’. உயிர் வந்ததும் உகரம் ஓடிவிடும், மெய் அடுத்த உயிர் மேல் ஏறிக்கொள்ளும். இதைத் தமிழில் யோசிக்காமலே செய்கிறோம். ஆங்கிலத்திலும் இதையே செய்யுங்கள். ‘செக்ட்’ என்பதைத் தனியாகப் பயிலாதீர்கள். ‘செக்ட் இட்’ என்று எடுத்துக்கொண்டு ‘செக்–டிட்’ என்று இரண்டாக உடையுங்கள். ‘செக்’ உங்களுக்கு ஏற்கெனவே வரும், ‘டிட்’ தொடங்குவதும் வரும். இடையில் மூச்சு விடாமல் சேர்த்தால் வேலை முடிந்தது. ‘சேஞ்ஜ்ட் ஆல்’ என்றால் ‘சேஞ்ஜ்–டால்’. ‘அக்கவுண்ட்ஸ் அண்ட்’ என்றால் ‘அக்கவுன்–ஸண்ட்’.

கடைசி எடுத்துக்காட்டில் நடுவிலிருந்த ட் போய்விட்டதைக் கவனித்தீர்களா? ன்-னுக்கும் ஸ்-ஸுக்கும் நடுவில் மாட்டிய ட்-டை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே வேகத்தில் விட்டுவிடுவார்கள். ஸ்-ஸை விடமாட்டார்கள். நாம் நேர்மாறாகச் செய்கிறோம்: ட்-டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஸ்-ஸை விடுகிறோம். பன்மை அந்த ஸ்-ஸில்தான் இருக்கிறது.

முதலில் உயிரில் தொடங்கும் சொல் பின்னால் வரும்படி மட்டும் வாக்கியம் அமைத்துப் பழகுங்கள். அது தடையில்லாமல் வந்த பிறகு, அந்த அடுத்த சொல்லை மனதுக்குள் மட்டும் சொல்லி வாயை அதற்கு முன்பே நிறுத்துங்கள். ‘செக்–ட…’ என்று நாக்கு ‘இட்’டுக்குத் தயாராகும், ஆனால் குரல் வராது. வாக்கியம் முடியும் இடத்துக்கு இது உதவும். உகரம் ஒட்டாமல் பழக, முதலில் மொத்தச் சொல்லையும் கிசுகிசுப்பாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு ‘செக்’ வரை குரலோடும் கடைசி ட்-டை மட்டும் கிசுகிசுப்பாகவும் சொல்லுங்கள். உகரத்துக்குக் குரல் வேண்டும். குரலை முன்பே நிறுத்திவிட்டால் அது வர வழியில்லை.

யாழ்முற்றம்:
ஒலிப்பெட்டி அண்ணா, ஒரு சின்ன விசயம். வாத்தியார் ‘பட்டு’ ட், ‘வண்டி’ ட் எண்டு சொன்னவர். அது நாக்கை மேல மடிச்சுச் சொல்லுற ட். ஆங்கிலத்தில நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால இருக்கிற மேட்டிலதான் முட்டும். எங்கட பக்கம் ‘பற்று’, ‘காற்று’ எண்டு சொல்லேக்க வர்ற ற்ற கிட்டத்தட்ட அதே இடம். அதாலதான் நாங்கள் ரீவி, ரொறன்ரோ எண்டு எழுதிறம். ‘கன்று’ எண்டதில வர்ற றகரத்தை எங்கட மாதிரிச் சொன்னால் ஆங்கிலத்தின்ர மெதுவான ட் கிடைச்சிடும். தமிழ்நாட்டில ‘பற்று’வை ‘பட்ரு’ மாதிரிச் சொல்லுறபடியால் அங்க இது உதவாது எண்டு நினைக்கிறன்.

கீதா_டீச்சர்:
குமரி மாவட்டத்துப் பக்கம் உதவும். அங்க வயசானவங்க ‘காற்று’ சொல்றதைக் கேளுங்க, நீங்க சொல்ற மாதிரியேதான் இருக்கும்.

ஆனா நாக்கு மடியறதாலயே யாருக்கும் இறந்தகாலம் கேக்காமப் போகாது. இந்திய உச்சரிப்புன்னு தெரியும், அவ்வளவுதான். அதை முதல் நாளே திருத்தப்போனா மத்ததெல்லாம் குழம்பிடும்.

யாழ்முற்றம்:
கேக்காமப் போகாது, சரி. ஆனால் மடிச்ச நாக்கைத் திருப்பி எடுக்கேக்கதான் அந்த ‘உ’ கூடுதலா ஒட்டுது. நுனியை மேட்டில வச்சால் சும்மா ஒரு சின்னக் காத்தோட முடியும். செய்து பாருங்கோ.

கணக்குவாத்தியார்:
ஒலிப்பெட்டி சொன்ன ‘லாஃப்’ விஷயம் ஒத்துக்கறேன், எழுத்தை நம்பக்கூடாது. ஆனா பன்மையில நம்ம கிட்ட தொண்டை அதிர இரையற ஸ்-ஸே இல்லையே? ‘பேக்ஸ்’னு தமிழ்ல எழுதினா பையா, முதுகான்னு யாருக்குத் தெரியும்? அந்த ஒலியை எப்படிக் கொண்டுவர்றது? மாணவர்கள்கிட்ட தேனீ மாதிரி ரீங்காரம் பண்ணுங்கன்னு சொல்லுவேன், ‘பேக்ஸ்ஸ்ஸ்’னு இழுத்து நிப்பாங்க. கேக்கவே ஒரு மாதிரி இருக்கும்.

ஒலிப்பெட்டி:
இழுக்கச் சொன்னதுதான் காரணம் சார். சொல் முடிவில் வரும் அந்த ஒலியை ஆங்கிலேயர்களே முழுக்க இரைய விடுவதில்லை, பாதியில் அதிர்வு அடங்கிவிடும். அப்படியானால் கேட்பவர் எதை வைத்து வேறுபடுத்துகிறார்? முன்னால் இருக்கும் உயிரின் நீளத்தை வைத்து.

‘ஐஸ்’ என்று தமிழில் எழுதுங்கள். பனிக்கட்டியும் அதுதான், கண்கள் என்ற பன்மையும் அதுதான். காதில் இரண்டும் ஒன்றல்ல. பனிக்கட்டியில் ‘ஐ’ குறுகி வெட்டுப்படும், ஸ் நீளமாகச் சீறும். கண்களில் ‘ஐ’ நீளும், ஸ் குட்டையாக, வலுவின்றி வந்து மறையும். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் இந்த நீள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். ‘ப்ளேஸ்’ (இடம், விளையாடுகிறாள்), ‘நீஸ்’ (அண்ணன் மகள், முழங்கால்கள்), உங்கள் ‘பேக்ஸ்’ எல்லாம் இதே கதை. பை என்ற பொருள் வேண்டுமானால் ‘பேஎக்ஸ்’ என்று உயிரை இழுத்து, கடைசி ஸ்-ஸை அலட்சியமாக விடுங்கள். முதுகு வேண்டுமானால் ‘பெக்ஸ்ஸ்’ போல முன்னதைச் சுருக்கிப் பின்னதை நீட்டுங்கள்.

குறில் நெடில் பார்த்து வளர்ந்த காது நமக்கு. ‘பல்’லையும் ‘பால்’லையும் ஒரு குழந்தைகூடக் குழப்பாது. இரையும் ஒலியைத் தேடுவதைவிட நீளத்தைத் தேடினால் கேட்பதும் சொல்வதும் சேர்ந்து எளிதாகும். ஈ.டி.க்கும் இதே விதி பொருந்தும்: ‘ப்ளேட்’ என்றால் தட்டு, உயிர் குறுகும், விளையாடினான் என்றால் உயிர் நீளும்.

கீதா_டீச்சர்:
இதுல எனக்கு முழு உடன்பாடு இல்லை. நீளம் மட்டும் போதும்னா வாக்கிய நடுவுல என்ன பண்ணுவீங்க? வேகமா பேசும்போது எல்லா உயிரும் சுருங்கிடும். “ஹிஸ் ஐஸ் ஆர் ரெட்”ல கண்ணோட ‘ஐ’ அவ்வளவு நீளாது. அங்க ஸ் அடுத்த உயிர் மேல ஏறும்போது அதிர்வு முழுசா கேக்கும்: ‘ஐ–ஸார்’. அந்த ஸார் நம்ம ‘சார்’ மாதிரி வந்தா ‘பனிக்கட்டி’ன்னுதான் விழும். அதனால இரைச்சலையும் பழகித்தான் ஆகணும். நான் பன்மைக்கு ஒரு வாரம் நீளம், அடுத்த வாரம் அதிர்வுன்னு பிரிச்சுத்தான் சொல்லித்தருவேன்.

ஒலிப்பெட்டி:
உயிருக்கு முன் வரும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி, டீச்சர். மற்ற இடங்களில் என் கருத்தில் மாற்றமில்லை.

மீனவன்_மகன்:
எங்க அப்பாவுக்கும் இதே பிரச்சினை. 68 வயசு. அக்கா கனடால இருக்கா, பேரப்பிள்ளைங்க இங்கிலீஷ்லதான் பேசுதுங்க. அப்பா முப்பது வருஷம் கப்பல்ல வேலை பார்த்தவர், இங்கிலீஷ் நல்லா தெரியும். இப்ப “பிள்ளைங்க பேச்சுல ஸ் எல்லாம் எங்க போச்சு”ன்னு கேக்குறார். அவருக்கும் இந்தப் பயிற்சி குடுக்கலாமா?

ஒலிப்பெட்டி:
வேண்டாம் தம்பி, அவருடையது வேறு விஷயம். முன்பு கேட்டது இப்போது கேட்கவில்லை என்றால் முதலில் காது பரிசோதனை. ஸ் ஒலியின் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. வயதாலும் இயந்திர இரைச்சலாலும் முதலில் குறைவது அந்த உயர்ந்த பகுதிதான். அதனால் பேச்சு ‘கேட்கும்’, சொல் முனைகள் மட்டும் மழுங்கும். பெண்கள், குழந்தைகள் குரலில் ஸ் இன்னும் மேலே இருப்பதால் பேரப்பிள்ளைகள் பேச்சில் கூடுதலாகத் தெரியும். பரிசோதனைத் தாளில் 4000, 6000, 8000 எண்களுக்குக் கீழே கோடு சரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கப்பல் இயந்திர அறையில் இருந்தவர் என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

மதியச்சோறு, இதில் உங்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதாவது ஸ்-ஸின் பெரும்பகுதி கம்பியிலேயே வெட்டுப்படுகிறது. உங்கள் காதில் குறையில்லை. ஸ்-ஸா ஃப்-பா என்று போனில் யாருக்கும் தடுமாறும். அதனால்தான் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ‘எஸ் ஃபார் சுகர்’ என்கிறார்கள். அகலமான அலைவரிசை உள்ள அழைப்பு 7000 வரை கடத்தும், அதில் வித்தியாசம் உடனே தெரியும். ப்ளூடூத் ஹெட்செட்டில் இன்னொரு கண்ணி: பாட்டு கேட்கும்போது தெளிவாக இருக்கும், அதன் மைக்கை இயக்கியதும் பல பழைய கருவிகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். காதுப் பயிற்சிக்குக் கம்பி உள்ள ஹெட்போன் போடுங்கள், அழைப்புப் பதிவை வைத்துப் பயிலாதீர்கள்.

மதியச்சோறு:
ஓ, இது தெரியாம என் காதையே திட்டிக்கிட்டு இருந்தேன். அப்ப மேலாளர் கேட்ட பதிவுலயும் நான் சொன்ன ஸ் வெட்டுப்பட்டிருக்கலாம் இல்லையா?

ஒலிப்பெட்டி:
இருக்கலாம். ஆனால் ட்-டுக்கு அந்தச் சாக்கு செல்லாது, அதன் அடைப்பும் வெடிப்பும் குறுகிய இணைப்பிலும் ஓரளவு வரும். ‘அட்ரஸஸ்’ஸின் கூடுதல் அசையும் நன்றாகவே வரும்.

வீட்டில் சோதியுங்கள். கைப்பேசியின் ரெக்கார்டரில் நேரடியாகப் பதிந்து, கோப்பைக் கணினிக்கு மாற்றி Audacity-யில் திறந்து, தடத்தின் பட்டியலில் Spectrogram என்ற காட்சிக்கு மாற்றுங்கள். ஸ் சொன்ன இடத்தில் மேற்பகுதியில் அடர்ந்த பட்டை தெரியும். ட் சொன்ன இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம், அதை ஒட்டி மெல்லிய செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் கீழே அடர்த்தியாக ஒரு துண்டு தொங்கினால் அதுதான் உகரம். வெற்றிடம் மட்டும் இருந்து கோடு இல்லையென்றால், நாக்கு போய் நின்றிருக்கிறது, விடுவிக்கவில்லை. வெற்றிடமும் இல்லையென்றால் ட் சொல்லப்படவே இல்லை.

கீதா_டீச்சர்:
கம்ப்யூட்டர் இல்லாதவங்களுக்கு விரலே போதும். மதியச்சோறு சொன்ன வாக்கியத்தையே எடுத்துக்குவோம். மேசையில அசைக்கு ஒரு தட்டு: வி, செக்ட், யுவர், அக்–கவுண்ட்ஸ், அண்ட், சேஞ்ஜ்ட், தி, அட்–ரெஸ்–ஸஸ். மொத்தம் 11 தட்டு. 10 வந்தா ‘அட்ரஸஸ்’ல பன்மையைத் தின்னுட்டீங்க. எல்லா முனையிலயும் உகரம் போட்டா (செக்டு, அக்கவுண்ட்ஸு, அண்டு, சேஞ்சுடு, அட்ரஸஸு) 17 வரும். ஆனா 11 வந்தாலே எல்லாம் சரின்னு அர்த்தமில்லை, ‘செக்’னு சொன்னாலும் ஒரு தட்டுதான். அதுக்கு ஒலிப்பெட்டி சொன்ன மாதிரி சேர்த்துச் சொல்லிப் பாக்கணும்.

இந்த வாக்கியத்துல இன்னொரு இடம் இருக்கு. ‘செக்ட் யுவர்’ சாதாரணப் பேச்சுல ‘செக்ச்சுவர்’ மாதிரி ஆகும். ட்-டும் யகரமும் சேர்ந்து ச்-சா மாறிடும். அதனால அங்க ட் தேடினா காதுக்குக் கிடைக்காது, ச்-தான் இறந்தகாலம். ‘செக் யுவர்’னு கேட்டா நிகழ்காலம்.

வயலூரான்:
அவங்களே இப்படி மாத்தியும் முழுங்கியும் பேசினா, நாம மட்டும் ஏன் ஒவ்வொண்ணையும் சொல்லணும்? நான் முதல்லயே சொன்னதுதான்.

ஒலிப்பெட்டி:
இந்தக் கேள்வி நல்ல கேள்வி. அவர்கள் விழுங்கும் இடம் தாறுமாறாக இல்லை. ட் இரண்டு மெய்களுக்கு நடுவில் மாட்டினால் விழும்: ‘லுக்ட் பேக்’ என்பதில் ‘லுக் பேக்’ என்றே பலமுறை கேட்கும். ‘வாக்ட் டூ’ என்றால் இரண்டு ட் ஒன்றாகி, அடைப்பு கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அடுத்து உயிர் வந்தால் விடுவது மிக அரிது. ‘லுக்ட் அட்’ பெரும்பாலும் ‘லுக்–டட்’தான். நாம் உயிருக்கு முன்னாலும் விடுகிறோம், அதுதான் காதில் உறுத்துகிறது.

உங்கள் வாக்கியத்தில் ‘சேஞ்ஜ்ட் தி’ என்ற இடமும் அப்படிப்பட்டதுதான், ட் லேசாகத்தான் கேட்கும். அங்கே உயிரைக் கொடுத்து அழுத்த வேண்டாம். நாக்கை ட்-டுக்கு வைத்து அப்படியே பல்லுக்கு நகர்த்தித் ‘தி’ சொல்லுங்கள், நடுவில் திறக்காதீர்கள். பழகும்போது மட்டும் ‘தி’யை எடுத்துவிட்டு ‘சேஞ்ஜ்ட் ஆல்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது ட் விழுந்த இடத்தில் என்ன செய்வது? ‘ஷி’, ‘ஹி’ என்று தொடங்கினால் எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஷி வாக்ஸ் டூ’ என்றால் ஸ் தெளிவாக விழும், அதை விழுங்கும் வழக்கம் இல்லை. ஸ் விழவில்லையென்றால், ட் கேட்காவிட்டாலும் அது பெரும்பாலும் ‘வாக்ட்’தான். ‘ஐ’, ‘தே’ என்று தொடங்கினால் இந்த உதவி கிடையாது. முன்பின் வாக்கியத்தில் ‘வென்ட்’, ‘செட்’ போன்ற சொல்லைத்தான் பிடிக்க வேண்டும். ஆங்கிலேயரும் அங்கே அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

கணக்குவாத்தியார்:
இதையெல்லாம் பாத்தா நான் இத்தனை நாள் அட்டவணை போட்டது அரைக்கிணறுதான் போல. ஒரு சந்தேகம். ‘ஜம்ப்ட்’, ‘தேங்க்ட்’ பசங்களுக்கு ‘ஜம்ப்டு’ன்னு மெதுவான ட்-ல முடியுது. விதிப்படி அழுத்தமான ட் வரணும். ஏன்?

கீதா_டீச்சர்:
‘அம்பு’, ‘தங்கம்’ சொல்ற வாய் சார் அது. மெல்லினத்துக்கு அடுத்து வர்ற வல்லினத்தை நாம தானாவே மெதுவாக்கிடுவோம். ப் மெதுவானதும் பின்னால வர்ற ட்-டும் கூடவே மெதுவாகிடுது. ‘ஜம்’ சொல்லி உதட்டை மூடி ஒரு கணம் தொண்டையை முழுக்க நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் ‘ப்ட்’ கிசுகிசுப்பா. ‘ஜம்ப்ட் ஓவர்’னு சேத்துக் குடுத்தா ‘ஜம்ப்–டோவர்’னு வந்துடும். ‘தேங்க்ட்’டுக்கும் அதேதான்.

யாழ்முற்றம்:
‘ஆஸ்க்ட்’ எண்டதை ஒருத்தரும் கேக்கேல்லையே? மூண்டு மெய் ஒண்டாய் வருது. இங்க கனடாவில வேலையிடத்தில எல்லாரும் ககரத்தை விட்டிட்டு ‘ஆஸ்ட்’ எண்டுதான் சொல்லீனம். நாங்களும் அப்பிடிச் சொல்லலாமோ?

ஒலிப்பெட்டி:
சொல்லலாம். ட் கேட்டால் போதும், க் போனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ‘ஆஸ்–டிம்’ என்று ‘ஹிம்’மின் ஹகரமும் போய்ச் சேரும்.

கீதா_டீச்சர்:
பேச்சுல சரி. ஆனா பேச்சுத் தேர்வுக்குப் போறவங்களுக்கு நான் ககரத்தோடவே சொல்லித்தருவேன். கத்துக்கிற நிலையில முதல்லயே ஒண்ணை விடச் சொன்னா, ட்-டையும் சேத்து விட்டுடறாங்க. ‘ஐ ஆஸ் ஹிம்’னு நிக்குது.

யாழ்முற்றம்:
அப்ப ‘ஆஸ்க்’ எண்ட நிகழ்காலத்தில க் வேணும், இறந்தகாலத்தில க் வேண்டாம் எண்டால், அந்தக் ககரம் இல்லாததே இறந்தகாலத்துக்கு அடையாளமாய் ஆகுதுதானே? நான் அப்பிடித்தான் பிடிக்கிறன்.

மதியச்சோறு:
அட, நானும் அதைத்தான் கேக்க வந்தேன். நேத்து ஒரு அழைப்புல ‘ஆஸ்–டெம்’னு விழுந்துச்சு, யாழ்முற்றம் சொன்ன மாதிரி க் இல்லாததை வெச்சுத்தான் புரிஞ்சுது. கம்பி ஹெட்போன் போட்டுப் பதிஞ்சு பாத்தேன். ‘அக்கவுன்–ஸண்ட்’ உடனே வந்துடுச்சு, படத்துல பட்டை தெரியுது. ‘செக்ச்சுவர்’ வருது. ‘அட்ரஸஸ்’ வாக்கியக் கடைசில வரும்போது மட்டும் இன்னும் கீழ ஒரு துண்டு தொங்குது. பின்னால ‘இன்’னோ ‘அண்ட்’டோ போட்டா தொங்கலை. டீச்சர், இதுக்கும் கிசுகிசுப்பு வழிதானா, இல்ல ஸ்-ஸுக்கு வேற ஏதாவது உண்டா?

கீதா_டீச்சர்:
ஸ்-ஸுக்கு இன்னும் சுலபம். ட் மாதிரி அது அடைச்சுத் திறக்கற ஒலி இல்லை, ஓடிக்கிட்டே இருக்கும். அதனால முடிச்சதும் வாயைத் திறக்காதீங்க. பல்லு ரெண்டும் கிட்ட வந்த நிலையிலயே மூச்சை நிறுத்துங்க, ஒரு வினாடி அப்படியே இருங்க, அப்புறம் திறங்க. தாடை இறங்கற நேரத்துல குரல் இருந்தாதான் உகரம் வரும். பதிஞ்சு பாத்துட்டு துண்டு போச்சான்னு இங்கயே எழுதுங்க.